தமனி சிரையை மிதிக்கும் இடம்

மளிகைக் கடைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 54. எட்டு வருடமாக பிரஷர் உண்டு. தலை சுற்றினால்தான் மாத்திரை. பில்லில் எழுத்து தெரியவில்லை என்று கண்ணாடி போட்டுக்கொள்ள வருகிறார். சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கழித்துப் பாப்பா விரிந்ததும், மருத்துவர் லென்ஸ் வழியே உள்ளே பார்க்கிறார். பார்த்ததும் கேட்கிறார்: "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறீங்களாய்யா?"

உடம்பைக் கிழிக்காமல் ரத்தக்குழாய்களை நேரில் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. அங்கே தமனியும் சிரையும் அருகருகே ஓடும். தமனியின் அகலம் இரண்டு பங்கு என்றால் சிரை மூன்று பங்கு. அழுத்தம் ஏறினால் தமனி முதலில் இறுகிச் சமாளிக்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் சுவர் தடித்துவிடும். அதன் மேல் விழும் வெளிச்சம் செம்புக் கம்பியில் பட்டதுபோல் மின்னும். இன்னும் முற்றினால் வெள்ளிக் கம்பிபோல்.

தொல்லை தொடங்குவது இரண்டும் குறுக்கிடும் இடத்தில். அங்கே இரண்டுக்கும் வெளியுறை ஒன்றுதான். கெட்டிப்பட்ட தமனி, மெல்லிய சிரையை மிதிக்கிறது. மிதிபட்ட இடத்தின் இருபுறமும் சிரை சிறுத்துத் தெரியும். ரத்தம் தேங்கி அங்கே உறைந்தால் சிரைக்கிளை அடைபடும். வலியே இருக்காது, பார்வையின் ஒரு பகுதி மட்டும் திடீரென மங்கும். மேல்பகுதிச் சிரை அடைபட்டால் மங்குவது கீழ்ப்பார்வை.

நம் கடைக்காரருக்கு இரண்டு குறுக்கீடுகளில் சிரை நெரிபட்டிருந்தது. கூடவே தீக்கொழுந்து வடிவில் ஒரு ரத்தக்கசிவு, பஞ்சுத் துணுக்குபோல் ஒரு வெண்திட்டு. ரத்தம் போகாமல் நரம்பிழைகள் வீங்கிய இடம் அது. நெரிசல் பழைய பாக்கி. கசிவும் திட்டும் நடப்புக் கணக்கு. அளந்து பார்த்தால் 188/112.

பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டமே வீங்கியிருந்தால் கதை வேறு. அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். நல்ல மருந்துகள் இல்லாத 1939-இல், அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததன் முடிவை வெளியிட்டார்கள். மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். இன்று மருந்து இருக்கிறது. ஆனால் அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கினால், பழகிப்போன ரத்த ஓட்டம் குறைந்து பார்வை நரம்பே பட்டுப்போகலாம். படிப்படியாகத்தான் இறக்குவார்கள்.

இந்தப் பரிசோதனைக்கு வரம்பும் உண்டு. தமனி சுருங்குவது மூப்பிலும் நடக்கும். லேசான சுருக்கத்தை இரு மருத்துவர்கள் இரு விதமாகச் சொல்வதுண்டு. கசிவும் திட்டும் சர்க்கரை நோயிலும் வரும். விழித்திரை சுத்தமாக இருக்கிறது என்பதற்காக பிரஷர் இல்லை என்று ஆகிவிடாது. கையில் பட்டை கட்டி அளந்தே தீரவேண்டும்.

கடைக்காரர் தினமும் மாத்திரை போடத் தொடங்கினார். மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் கசிவும் இல்லை, வெண்திட்டும் இல்லை. அந்த இரண்டு நெரிசல்கள் மட்டும் அப்படியே இருந்தன.