நாலாவது மூலை

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நடுமுற்றத்தை 2000-ஆம் ஆண்டில் கண்ணாடிக் கூரையால் மூடினார்கள். வளைந்து நெளிந்து போகும் அந்தக் கூரையில் 3,312 கண்ணாடித் துண்டுகள் இருக்கின்றன. எல்லாமே முக்கோணங்கள். சதுரமாக வெட்டியிருந்தால் சட்டமும் இணைப்பும் குறைந்திருக்குமே, ஏன் முக்கோணம்? காரணம் எளிது. எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும் அவற்றின் மீது ஒரு தட்டையான தகடு உட்கார்ந்துவிடும். நாலாவது புள்ளி வந்தால் அந்த உத்தரவாதம் கிடையாது. கண்ணாடி என்பது தட்டையான பொருள்; கொஞ்சத்துக்கு மேல் முறுக்கினால் உடையும்.

ஆகவே நாலு மூலைக் கண்ணாடி போட நினைக்கும் எவருக்கும் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: நாலாவது மூலை மற்ற மூன்றின் தளத்தில் இருக்கிறதா? பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘மூன்று வெக்டர்கள் ஒரு தளத்தில் அமைகின்றனவா’ என்று கேட்கிறார்களே, அதுவும் இதே கேள்விதான். தேர்வுக்காக ஓர் அணிக்கோவையை விரித்து, விடை பூச்சியம் என்று எழுதிவிட்டு நகர்ந்தவர்கள் அதிகம். அந்தப் பூச்சியம் எதன் பூச்சியம் என்பது பலருக்கும் சொல்லப்படுவதில்லை.

ஒரு வீட்டின் கார் நிறுத்தத்துக்கு மேல் 3 மீட்டருக்கு 2 மீட்டர் கண்ணாடிக் கூரை போடுவதாக வைத்துக்கொள்வோம். நாலு மூலையிலும் தூண். முதல் தூணின் தலையிலிருந்து மற்ற மூன்று தூண்களின் தலைகளை நோக்கி மூன்று அம்புகள் இழுக்கிறோம். நீளவாக்கில் இருக்கும் தூண் 3 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் உயரமாக இருக்கிறது. அகலவாக்கில் இருப்பது 2 மீட்டர் தள்ளி, 40 சென்டிமீட்டர் உயரம். எதிர்மூலைத் தூண் 1 மீட்டர் உயரம். எண்களில் எழுதினால்:

p = (3, 0, 0.5)
q = (0, 2, 0.4)
r = (3, 2, 1)

இதில் p, q இரண்டையும் மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் இரண்டு அம்புகளைப் பக்கங்களாக வைத்து ஓர் இணைகரம் வரையலாம். குறுக்குப் பெருக்கல் அந்த இணைகரத்தைப் பற்றி இரண்டு தகவல்களை ஒரே அம்பில் அடைத்துத் தருகிறது. அம்பின் நீளம் இணைகரத்தின் பரப்பு. அம்பின் திசை, இணைகரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் திசை. செங்குத்துத் திசைகள் மேலும் கீழுமாக இரண்டு உண்டு. வலக்கையின் விரல்களை p-யிலிருந்து q-வை நோக்கி மடக்கும்போது கட்டைவிரல் காட்டுவதை எடுத்துக்கொள்வது வழக்கம். வரிசையை மாற்றி q-வை முன்னால் போட்டால் அம்பு தலைகீழாகும்.

p × q = (0×0.4 − 0.5×2, 0.5×0 − 3×0.4, 3×2 − 0×0) = (−1, −1.2, 6)

இந்த இடத்தில்தான் குறி தவறுவது அதிகம், குறிப்பாக நடு எண்ணில். சரிபார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. வந்த விடையை p-யோடு புள்ளிப் பெருக்கல் செய்து பாருங்கள்: −3 + 0 + 3 = 0. q-வோடு செய்தால் −2.4 + 2.4 = 0. இரண்டுக்கும் செங்குத்தாக இருக்க வேண்டிய அம்பு செங்குத்தாகத்தான் இருக்கிறது. இந்த இரண்டு பூச்சியங்களில் ஒன்று வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

இனி மூன்றாவது அம்பு r. அதை இந்தச் செங்குத்து அம்போடு புள்ளிப் பெருக்கல் செய்வதைத்தான் திசையிலி முப்பெருக்கம் என்கிறோம். புள்ளிப் பெருக்கல் செய்கிற வேலை, r அந்தச் செங்குத்துத் திசையில் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று பார்த்து அதைப் பரப்பால் பெருக்குவது. பரப்பு பெருக்கல் உயரம் என்றால் கன அளவு. மூன்று அம்புகளையும் விளிம்புகளாகக் கொண்ட, சாய்ந்த தீப்பெட்டி போன்ற இணைகரத் திண்மத்தின் கன அளவு அது. மூன்றும் ஒரே தளத்தில் படுத்திருந்தால் பெட்டி நசுங்கித் தாளாகிவிடும். கன அளவு பூச்சியம். தேர்வுத்தாளில் எழுதிய பூச்சியம் இந்த நசுங்கிய பெட்டியுடையது.

r · (p × q) = −3 − 2.4 + 6 = 0.6

பூச்சியம் வரவில்லை. கண்ணாடி உட்காராது. எவ்வளவு கோணல் என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. செங்குத்து அம்பின் நீளம் 1 + 1.44 + 36 = 38.44-இன் வர்க்கமூலம், அதாவது 6.2. கன அளவை இந்தப் பரப்பால் வகுத்தால் உயரம்: 0.6 / 6.2, சுமார் 9.7 சென்டிமீட்டர். நாலாவது மூலை மற்ற மூன்றின் தளத்திலிருந்து அவ்வளவு விலகி நிற்கிறது. விடை நேர்குறியாக வந்ததால் விலகல் மேல்பக்கம். தூணை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கு, r-இன் உயரத்தை z என்று வைத்து −3 − 2.4 + 6z = 0 என்று எழுதினால் z = 0.9 கிடைக்கும். தூணை 10 சென்டிமீட்டர் அறுத்தால் போதும்.

0.9 என்பது 0.5-உம் 0.4-உம் சேர்ந்தது என்பதைக் கவனித்திருப்பீர்கள். p-யையும் q-வையும் கூட்டினால் வரும் அம்பின் முனை எப்போதும் அவற்றின் தளத்திலேயே இருக்கும். பெர்லின் விலங்குக் காட்சியகத்தின் நீர்யானை மாளிகைக் கூரை இந்த உண்மையின் மேல் நிற்கிறது. ஒரு வளைவை இன்னொரு வளைவின் மீது திருப்பாமல் நகர்த்திக்கொண்டே போகும் முறையில் அதை வடிவமைத்தார்கள். அப்படிச் செய்யும்போது ஒவ்வொரு கட்டமும் இணைகரமாகிறது. கூரை வளைந்திருந்தும் நாலு மூலைக் கண்ணாடிகள் தட்டையாக உட்கார்கின்றன.

ஒரு பொறி பற்றிச் சொல்ல வேண்டும். புள்ளிகளைக் கொடுத்துத் தளத்தைக் கேட்டால், சிலர் கொடுத்த எண்களை அப்படியே முப்பெருக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். அது ஆதிப்புள்ளியையும் சேர்த்துச் செய்யும் சோதனை. கேட்ட கேள்வி அதுவல்ல. நாலு புள்ளிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றிலிருந்தும் அதைக் கழித்த பிறகே மூன்று வெக்டர்கள் பிறக்கும். மேலே முதல் தூணின் தலையைத் தொடக்கமாக வைத்தது அதற்காகத்தான்.

கடைசியாக, பூச்சியத்தைப் பற்றி. புத்தகக் கணக்கில் அது துல்லியமாக வரும். அளந்த எண்களில் வராது. நம் கூரையில் எதிர்மூலையின் உயரத்தை 5 மில்லிமீட்டர் தவறாக அளந்தாலே விடை 0.03 நகர்ந்துவிடும். கணினியும் கைகொடுக்காது; 0.1 + 0.2 − 0.3 என்று கேட்டால் பெரும்பாலான நிரல்மொழிகள் பூச்சியத்துக்குப் பதில் மிகச் சிறிய ஓர் எண்ணைத் தரும். அந்தக் கன அளவை மட்டும் பார்த்துச் சின்னது, பெரியது என்று தீர்மானிக்கவும் முடியாது: மீட்டரில் 0.6 என்று வந்தது சென்டிமீட்டரில் 6,00,000 ஆகும். எனவே நிரல் எழுதுபவர்கள் முப்பெருக்கத்தைப் பூச்சியத்தோடு ஒப்பிடாதீர்கள். பரப்பால் வகுத்து உயரமாக்கி, உங்கள் வேலை எத்தனை மில்லிமீட்டர் விலகலைத் தாங்கும் என்பதோடு ஒப்பிடுங்கள். முதல் இரண்டு அம்புகளும் ஏறக்குறைய ஒரே திசையில் போனால் பரப்பே பூச்சியத்தை நெருங்கிவிடும். அப்போது வேறு மூலையிலிருந்து அம்புகளை இழுத்துக்கொள்ளுங்கள்.