வேலிக்கு எந்த எண் வேண்டும்?

பாடப்புத்தகப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து, “இந்தக் கணக்கை எப்படிப் போடுவது?” என்று பிள்ளைகள் உறவினர்களுக்கு அனுப்புகிறார்கள். படத்தில் கணக்குக்கு வேண்டாத எண்களும் சேர்ந்தே வருகின்றன. இப்படி ஒரு கணக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம்.

இணைகர வடிவில் ஒரு நிலம். அடிப்பக்கம் 40 மீட்டர், சாய்ந்த பக்கம் 13 மீட்டர். மேல் மூலையிலிருந்து அடிப்பக்கத்துக்கு இறங்கும் புள்ளிக்கோடு 12 மீட்டர். அந்தக் கோடு அடிப்பக்கத்தைத் தொடும் இடம், பக்கத்து மூலையிலிருந்து 5 மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோ உரம் வேண்டும். வேலி போட மீட்டருக்கு 50 ரூபாய். நிலத்தைச் சுற்றி வேலி போட என்ன செலவு? வரியின் ஓரத்தில் இன்னொரு 5 இருக்கிறது, அது மதிப்பெண்.

கடைசி வரியை முதலில் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். வேலி ஓரத்தில்தான் ஓடும், ஆகவே வேண்டியது சுற்றளவு. 40-ஐயும் 13-ஐயும் கூட்டி இரண்டால் பெருக்கினால் 106 மீட்டர். மீட்டருக்கு 50 ரூபாய் வீதம் 5,300 ரூபாய். 12, 5, 2 மூன்றுக்கும் இங்கே வேலையே இல்லை.

ஆனால் 12 சும்மா இருக்க விடாது. இணைகரம் என்றதும் அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கிப் பழகிய கை 480 என்று எழுதிவிடும். செலவு 24,000 ரூபாய் ஆகிவிடும். இந்தத் தவற்றை அலகு காட்டிக்கொடுக்கும். 480 சதுர மீட்டர், விலையோ மீட்டருக்கு. இரண்டையும் பெருக்கினால் ரூபாய் வராது.

கொடுத்த எண்களையெல்லாம் பயன்படுத்தியே தீரவேண்டும் என்ற எண்ணம் சிறுவயதிலேயே ஊறிவிடுகிறது. 1979-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில், கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருந்தால் கப்பல் தலைவரின் வயது என்ன என்று தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொன்னார்கள்.

வேண்டாத எண் என்று நிரந்தரமாக ஒன்று கிடையாது. எவ்வளவு உரம் வேண்டும் என்று கேட்டிருந்தால் 12-தான் முக்கியம்: 480 சதுர மீட்டருக்கு 960 கிலோ. அப்போது 13 ஒதுங்கிக்கொள்ளும்.

படம் மங்கலாக இருந்தால் உபரி எண்ணும் உதவிக்கு வரும். சாய்ந்த பக்கம் 13-ஆ, 18-ஆ என்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். புள்ளிக்கோட்டின் அடியில் செங்கோணக் குறி இருப்பதால் பிதாகரஸ் தேற்றம் பொருந்தும். 12-இன் வர்க்கம் 144, 5-இன் வர்க்கம் 25, கூட்டினால் 169. அது 13-இன் வர்க்கம். 18-இன் வர்க்கமோ 324.