பரிசாக வந்த டெப்பும் பேசாத பிள்ளையும்

பிந்தி வரும் பிள்ளைகள்

மூன்று வயது நிரம்பியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையோடும், ஜேர்மனியிலிருந்து சித்தப்பா அனுப்பிய டெப்போடும் வைத்தியரை நாடி வரும் தாய்மாரைக் குடாநாட்டில் இப்போது அடிக்கடி காண்கிறேன். "டெப் பாக்கிற நேரத்தைக் குறைக்கலாம் எண்டு தெரியும் டொக்டர், ஆனா எல்லாம் ஜேர்மனிலை கிடக்குது" என்பதே அவர்கள் கூறும் சமாதானம். அதற்குள் ஒரு வருஷம் கழிந்துவிடுகிறது.

வசம்பு

நாவில் வசம்பு உரைத்துத் தடவினால் பேச்சு வரும் என்ற அபிப்பிராயம் இன்னும் நம்மைவிட்டு அகலவில்லை. பேச்சு, பிள்ளை ஒன்று சொல்ல எதிரே இருப்பவர் மறுமொழி சொல்வதால் வளர்வது. வசம்பு அதற்கு ஔஷதமாகாது, அதிலுள்ள அசரோன் என்னும் பொருளோ சிசுவின் உடலுக்கு ஆகாதது. இதை எத்தனை முறைதான் சொல்வது!

பேச்சுப் பிந்தினால் செவிப்புலப் பரிசோதனை அவசியம்.

மொழி தெரியாவிடில் பூட்ட முடியாதா?

முடியும். பற்சக்கரக் குறியுள்ள Einstellungen என்பதைத் திறந்து, System என்பதிலும் (சாம்சுங் ஆயின் Allgemeine Verwaltung) அதனுள் Sprachen அல்லது Sprache என்பதிலும் தொட்டு, மொழியைச் சேர்க்கப் போனால், பட்டியலில் ஒவ்வொரு மொழியும் தன் சொந்த எழுத்திலேயே நிற்பதால், "தமிழ்" என்பதை எவரும் கண்டுகொள்ளலாம். ஆயினும் உண்மையான தடை மொழியன்று, கணக்கே. நான்கு வயதுப் பிள்ளை ஒன்றின் டெப்பில் சித்தப்பாவின் கணக்கே இருந்தமையால், அது பெரியவர் ஒருவருடையதாகக் கருதப்பட்டு, தாயின் கட்டுப்பாடு எதுவும் அதன்மேல் செல்லவில்லை. அமைப்பில் Google என்பதைத் தொட்டால் மேலே தோன்றும் மின்னஞ்சல் முகவரியே அது யாருடைய கணக்கு என்பதைக் காட்டிவிடும். சித்தப்பாவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு அவர் கணக்கை நீக்கி, தாயின் கைபேசியில் Family Link செயலியால் பிள்ளைக்கெனக் கணக்கொன்று உண்டாக்கி, டெப்பில் அதை மட்டும் சேர்த்தோம். அதன்பின் தினசரி எல்லையும் இரவுப் பூட்டும் தாயின் கைபேசியிலிருந்தே, அதன் மொழியிலேயே, அமைந்தன. முதல்நாள் அரைமணி என்று வைத்துப் பார்த்தோம். நேரம் முடிந்ததும் திரை பூட்டிக்கொண்டது. பூட்டாதிருந்தால் வேறொரு கணக்கு உள்ளே கிடக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

தாய்மாருக்கு

இந்த எல்லை அந்த டெப்புக்கு மட்டுமே உரியது. அது பூட்டியதும் உங்கள் கைபேசியை நீட்டினால் யாதொரு பிரயோசனமும் இல்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது, குறைந்தால் நன்று, என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்தது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றது. பூட்டிய டெப்பைத் திறக்கும் குறியீட்டை, அழுகை பொறுக்காத அம்மம்மாவிடம்கூடச் சொல்லாதீர்கள். இரண்டு வயதிலும் சொற்கள் சேராவிட்டால், அடுத்த தைக்குப் பார்ப்போம் என்றிராமல், அந்த மாதமே பிள்ளையைக் கொண்டுவாருங்கள்.