வெல்பவரின் கணக்குக்கு விழும் பூட்டு

“கணக்குப் பார்த்து பெட் கட்டினால் மாதம் 15,000 ரூபா கையில் நிற்கும்” என்று வாட்ஸ்அப் குழுக்களில் பந்தய முறை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். 2024 செப்டம்பர் வர்த்தமானி தேயிலைத் தோட்டத்துக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு பேர் முழுதாக விழுந்தால்தான் அதுவும் கிடைத்தது. அந்தக் கணக்கில் பதினொரு பேர்ச் சம்பளத்தைப் போனிலேயே எடுக்கலாம் என்றால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ லயத்து இளைஞருக்கு ஆசை வராமல் இருக்குமா?

முறை பொய் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இருந்த லிசாண்ட்ரோ காவ்னிட்ஸும் இரு சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. பல பந்தய நிறுவனங்களின் விலைகளைச் சராசரி எடுத்து, எந்த நிறுவனம் அதைவிடத் தாராளமாகக் கொடுக்கிறதோ அங்கே மட்டும் கட்டுவது அவர்களுடைய வழி. பத்தாண்டுக் காலத்தில் நடந்த சுமார் 4,80,000 கால்பந்து ஆட்டங்களின் விலைப் பதிவில் சோதித்தபோது, கட்டிய பணத்துக்கு 3.5 வீதம் லாபம் வந்தது. பிறகு சொந்தப் பணத்தைப் போட்டார்கள். ஐந்து மாதத்தில் 265 பந்தயம். 957 டொலருக்குச் சற்று மேல் லாபம். அத்தோடு நிறுவனங்கள் கையை இறுக்கின. சில பந்தயங்களுக்கு மிகச் சிறிய தொகையையே ஏற்றன. சிலவற்றை ஆள் பார்த்த பிறகுதான் ஏற்போம் என்றன. முறை தோற்கவில்லை, ஆனால் அதைத் தொடர முடியவில்லை.

நம் ரூபாவில் பார்ப்போம். முறை விற்பவர் சொல்லும் கணக்கு இப்படி: பந்தயத்துக்கு 5,000, மாதத்துக்கு 100 பந்தயம், புரள்வது ஐந்து லட்சம், அதில் மூன்று வீதம் 15,000. இது சராசரிதான். வென்றால் இரட்டிப்பாகும் பந்தயங்களில் அதிர்ஷ்டம் மட்டுமே ஒரு மாதத்தில் 50,000 வரை மேலோ கீழோ இழுப்பது சாதாரணம். மூன்றில் ஒரு மாதத்துக்கு மேல் நட்டத்தில்தான் முடியும். அதையும் தாங்கி நின்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் உங்கள் உச்சத் தொகையை 300 ரூபாவாகக் குறைக்கிறது. அதே திறமை, அதே 100 பந்தயம். மாத லாபம் இப்போது 900 ரூபா. அந்த முறையை வாங்கக் கொடுத்த சந்தாவுக்கே அது காணுமா?

வெல்லத் தொடங்கி நெடுநாள் போனபிறகே இந்தப் பூட்டு விழும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் 2.10 விலையில் கட்டுகிறீர்கள், ஆட்டம் தொடங்கும்போது அதே விலை 1.95 ஆக இறங்கிவிடுகிறது. இது திரும்பத் திரும்ப நடந்தால், நீங்கள் நட்டத்தில் இருந்தாலும் நிறுவனம் உங்களைக் குறித்துக்கொள்ளும். முதலில் போனஸ் நிற்கும், பிறகு நீங்கள் 5,000 என்று அடித்தால் திரை 240 என்று திருப்பிக் காட்டும்.

இந்த இடத்தில்தான் நமது பிள்ளைகள் சிக்குகிறார்கள். பூட்டு விழுந்தவர்கள் உலகெங்கும் செய்வது ஒன்றுதான், அடுத்தவர் பெயரில் கணக்குத் திறப்பது. “தம்பி, அடையாள அட்டையையும் பேங்க் புத்தகத்தையும் குடு, மாதம் ஏதாவது தாறேன்” என்று கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். நிறுவனம் கண்டுபிடித்தால், விதியை மீறியதாகச் சொல்லி அந்தக் கணக்கின் பணத்தையே முடக்கலாம். அந்த வங்கிக் கணக்கில் மோசடிப் பணம் புரண்டிருந்தால், 2006ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணைக்கு முதலில் நிற்பது கணக்கின் சொந்தக்காரர்தான்.

உங்கள் சொந்தக் கணக்கு பூட்டப்பட்டால் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். பந்தயத்தை ஏற்க மறுப்பது பிரித்தானியாவிலும் நிறுவனத்தின் வியாபார முடிவாகவே கொள்ளப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட தொகை வரையாவது ஏற்றே ஆகவேண்டும் என்று 2014இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கொண்டுவந்த விதி குதிரைப் பந்தயத்துக்கு மட்டுமே. ஆகவே பந்தயத்தை ஏற்க மறுப்பதை எதிர்த்துப் பலன் குறைவு. வென்று கணக்கில் இருக்கும் பணத்தைத் தர மறுப்பது வேறு விஷயம். அது உங்கள் பணம். பூட்டுக்கான அறிகுறி தெரிந்த அன்றே மீதியை எடுக்கக் கோரிக்கை போடுங்கள். மீதித் தொகை, பந்தய வரலாறு, கோரிக்கை போட்ட திகதி மூன்றும் தெரியும்படி திரையைப் படம் பிடியுங்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். “விடுவிக்க முதலில் வரி கட்டு” என்று கேட்டால் அது கொள்ளை, ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். அனுப்பிவிட்டால் உடனே வங்கிக்கும் பொலிஸுக்கும் சொல்லுங்கள்.

2025 ஆகஸ்டில் நமது நாடாளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் எங்கோ ஒரு தீவில் உரிமம் வாங்கி, இங்கே ஒரு தரகர் மூலம் ரூபா வாங்கும் செயலியிடமிருந்து பணத்தை மீட்பது பெரும்பாடு. முதல் ரூபாவைப் போடும் முன் அதன் உரிமம் எந்த நாட்டுடையது, முறையீட்டை யார் கேட்பார்கள் என்று பாருங்கள். இரண்டுக்கும் அந்தச் செயலியில் விடை இல்லாவிட்டால், வென்றாலும் பணம் வரும் என்பதற்கு உங்களிடம் இருப்பது தரகரின் வாய்வார்த்தை மட்டும்தான்.