42, 43, 44: தலைப்பில் மாறும் எண்

2023 செப்டம்பரில் சாந்திநிகேதனும் ஹொய்சளர் கோயில்களும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தன. இந்தியாவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் 42 ஆயின. ‘இந்தியாவின் 42 உலகப் பாரம்பரியச் சின்னங்கள்’ என்று அந்த மாதம் ஓர் இணைய இதழ் கட்டுரை போட்டது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பில் எண் இருந்தால் பட்டியல் முழுமையானது என்ற நம்பிக்கை வாசகருக்கு வரும். ஆனால் அடுத்த ஜூலையிலேயே அசாமின் அஹோம் அரசர்களுடைய மொய்டாம் கல்லறை மேடுகள் சேர்ந்து எண்ணிக்கை 43 ஆனது. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் சேர்ந்து 44.

இப்போது தலைப்பை மாற்றியாக வேண்டும். 42-ஐ அழித்து 44 என்று போடுவது அரை நிமிட வேலை. வினை அதோடு முடிவதில்லை. முதல் பத்தியில் ‘34 பண்பாட்டுச் சின்னங்கள், 7 இயற்கைச் சின்னங்கள், 1 கலப்புச் சின்னம்’ என்று இருக்கும். புதிதாகச் சேர்ந்த இரண்டும் பண்பாட்டு வகை என்பதால் அந்த 34, இனி 36. முகப்புப் படத்தின் மேல் எழுதிய எண்ணும், படக்குறிப்பும், தேடல் பக்கத்துக்காகத் தனியாகக் கொடுத்த தலைப்பும் பின்தொடர வேண்டும். மேலே 44, உள்ளே கூட்டினால் 42 என்றால், தலைப்பை மட்டும் யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று கவனமான வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

எதை எண்ணுகிறோம் என்பதிலும் சறுக்கல் உண்டு. மராட்டியர் கோட்டைகள் மொத்தம் 12. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. ஆனாலும் பட்டியலில் அவை ஒரே சின்னம். சோழர் கோயில்களும் அப்படித்தான்: 1987-ல் தஞ்சைப் பெரிய கோயில் சேர்ந்தது, 2004-ல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதே பதிவின் விரிவாக்கமாக வந்தன. கோயில் மூன்றானது, எண்ணிக்கை கூடவில்லை. ‘யுனெஸ்கோ பட்டியலில் உள்ளபடி’ என்று ஒரு வரி சேர்த்தால் இந்தக் குழப்பம் தீரும்.

பெரிய தலைவலி முகவரியில்தான். தலைப்பை அப்படியே முகவரியாக்கிவிடும் பழக்கத்தால், அது `/42-world-heritage-sites` என்று முடிந்திருக்கும். தலைப்போடு சேர்த்து முகவரியையும் மாற்றினால், பள்ளி ஆசிரியர் வாட்ஸ்அப்பில் பகிர்ந்ததும் வேறு தளங்கள் சுட்டியதும் ‘பக்கம் இல்லை’ என்று கைவிரிக்கும். முகவரியை மாற்றாவிட்டாலோ, 44 என்ற தலைப்புக்கு மேல் 42 பல்லிளிக்கும். அழகாக இராது; ஆனால் இணைப்பு உயிரோடிருக்கும். இரண்டில் ஒன்று என்றால் இதுவே மேல்.

சரியான வழி, எண்ணே இல்லாத முகவரிக்கு ஒருமுறை மாறிவிடுவது. பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்குத் திருப்பிவிடச் சர்வரில் ஒரு வரி போதும். அப்பாச்சியில் அது இப்படி இருக்கும்:

```
Redirect 301 /42-world-heritage-sites /world-heritage-sites-india
```

ஆண்டுதோறும் 42-லிருந்து 43-க்கு, 43-லிருந்து 44-க்கு என்று சங்கிலி போடுபவர்கள் உண்டு. நடுவில் ஒரு வரியை யாராவது அழித்தால் அதற்கு முந்தைய இணைப்புகள் எல்லாம் அறுந்துபோகும்.

நம்பிக்கை தேதியில் இருக்கிறது. முதலில் வெளியான நாளை அழிக்காமல், திருத்திய நாளைப் பக்கத்தில் கொடுக்க வேண்டும். கட்டுரையின் அடியில் ‘2025 ஜூலை: மராட்டியர் கோட்டைகள் சேர்க்கப்பட்டன’ என்ற குறிப்பும் வேண்டும். ஒரு எழுத்தும் மாற்றாமல் தேதியை மட்டும் புதுப்பிப்பது சில தளங்களில் வாடிக்கை. அது ஏமாற்று வேலை. கூகுளின் வழிகாட்டுதலும் அதைச் செய்யாதீர்கள் என்றே சொல்கிறது. அதேபோல, ‘இந்தியாவின் சின்னங்கள் 43 ஆயின’ என்று 2024-ல் வந்த செய்தியின் எண்ணில் கை வைக்கக் கூடாது. அது அன்றைய நடப்பின் பதிவு.

ஆண்டைத் தாங்கிய தலைப்புகளில் இந்தக் கணக்கு தலைகீழாகும். வருமான வரிக் கட்டுரையில் ஆண்டுதான் பொருளே. புதிய வரி முறையில் 2024-25 நிதியாண்டுக்கு 7 லட்சம் வரையான வருமானத்துக்கு வரி இல்லை. 2025-26-க்கு அது 12 லட்சம். பழைய பக்கத்தில் புதிய எண்ணை எழுதிவிட்டால், முந்தைய ஆண்டுக் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்பவர் தவறான வரம்பை நம்பிவிடுவார். அதனால் முகவரியிலும் `2024-25` இருக்கட்டும். புது நிதியாண்டுக்குப் புதுப் பக்கம். தலைப்பில் வெறும் ‘2025’ என்று போடுவதும் ஆபத்து: 2024-25 நிதியாண்டின் மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்பதால், எந்த 2025 என்று வாசகர் விழிப்பார். பழைய பக்கத்தின் உச்சியில், ‘இது 2024-25 நிதியாண்டுக்கு உரியது; அடுத்த ஆண்டுக்கான விவரம் இங்கே’ என்று இணைப்போடு இரண்டு வரி போட்டுவிட்டு, மற்றதை அப்படியே விட்டுவிடலாம்.