சந்தைக் குத்தகை யாருக்கு?
சொத்தைக் காக்க வந்தவர் லாபத்தை எடுத்துக்கொள்ளலாமா? ஒரு சிறுவனின் வழக்கு

லண்டன் நகருக்குக் கிழக்கே ரோம்போர்டு என்று ஓர் ஊர். சந்தைக்குப் பேர் போன ஊர். அந்தச் சந்தையின் வருமானத்தை ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் இறக்கும்போது, அந்தக் குத்தகையை ஒரு சிறுவனுக்கு எழுதி வைத்தார். சிறுவன் மைனர். ஆகவே அவனுக்காகக் குத்தகையைக் கவனித்துக்கொள்ள ஒரு தர்மகர்த்தாவை நியமித்தார்.

குத்தகைக் காலம் முடியும் நேரம் வந்தது. தர்மகர்த்தா தன் கடமையைச் செய்தார். சந்தையின் சொந்தக்காரரிடம் போய், "சிறுவன் பேரில் குத்தகையைப் புதுப்பித்துத் தாருங்கள்" என்று கேட்டார்.

சொந்தக்காரர் மறுத்துவிட்டார். அதற்குக் காரணம் இருந்தது. நிலமோ வீடோ குத்தகைக்கு விட்டால், பாக்கி நின்றபோது அங்கே உள்ள பொருளை ஜப்தி செய்யலாம். இதுவோ வெறும் சந்தை வருமானம். ஜப்தி செய்ய ஒன்றும் இல்லை. எழுதிக் கொடுக்கும் பத்திரத்தை நம்பித்தான் விடவேண்டும். மைனர் எழுதிக் கொடுக்கும் பத்திரமோ அவனைக் கட்டுப்படுத்தாது.

உடனே தர்மகர்த்தா தன் பேருக்கே குத்தகையை எழுதி வாங்கிக்கொண்டார். லாபமும் அவருக்கே வந்தது.

1726-ம் ஆண்டுத் தீர்ப்பு

சிறுவன் தரப்பில் வழக்குப் போட்டார்கள். 'கீச் எதிர் சாண்ட்போர்டு' என்ற அந்த வழக்கை 1726-ம் ஆண்டு லார்டு சான்சலர் கிங் விசாரித்தார்.

சிறுவனுக்குத்தான் கிடைக்காது என்று ஆகிவிட்டதே! தர்மகர்த்தா எடுத்ததால் அவனுக்கு என்ன நஷ்டம்?

நீதிபதி இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஊரில் வேறு யார் வேண்டுமானாலும் அந்தக் குத்தகையை எடுக்கலாம், தர்மகர்த்தா மட்டும் எடுக்கக்கூடாது என்றார். மறுத்தால் தனக்குக் கிடைக்கும் என்று இருந்தால், எந்தத் தர்மகர்த்தா சிறுவனுக்காக மனம் வைத்து வாதாடுவார்? அவர் உண்மையாக வாதாடினாரா இல்லையா என்பதை யார் கண்டுபிடிப்பது? அதனால் அவர் மோசம் செய்தார் என்று ருசுப்பிக்க வேண்டியதே இல்லை என்று ஆயிற்று.

குத்தகையைச் சிறுவனுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். புதுப்பித்த நாள் முதல் வந்த லாபத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதே சமயம், குத்தகைப் பத்திரத்தால் தர்மகர்த்தாவுக்கு வரும் பொறுப்புகளைச் சிறுவன் பக்கம் ஏற்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

லாபக் கணக்கு என்றால் என்ன?

நஷ்டஈடு வேறு, லாபக் கணக்கு வேறு. நஷ்டஈட்டில் "உனக்கு எவ்வளவு போயிற்று?" என்று கேட்பார்கள். லாபக் கணக்கில் "அவருக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்பார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். அண்ணன் மகனின் கடையைச் சித்தப்பா கவனித்து வருகிறார். கடை வாடகைக் கெடு முடிந்ததும் தன் பேருக்கு மாற்றிக்கொள்கிறார். வருஷ வரவு 5 லட்சம் ரூபாய். சரக்கு, வாடகை, கூலி எல்லாம் சேர்த்துச் செலவு 4 லட்சம். அவர் கொடுக்க வேண்டியது 5 லட்சம் அல்ல. மீதியான 1 லட்சம்தான்.

நல்லவருக்கும் இதே சட்டமா?

ஆம். இங்கிலாந்தில் ஒரு குடும்ப டிரஸ்டின் வக்கீல் போர்டுமன். டிரஸ்டிடம் ஒரு கம்பெனியின் 30,000 பங்குகளில் 8,000 இருந்தன. டிரஸ்டின் சார்பில் போய் வந்ததில் அவருக்குக் கம்பெனியின் நிலவரம் தெரிந்தது. அவரும் குடும்பத்தில் ஒருவரும் சொந்தப் பணத்தில் மீதிப் பங்குகளை வாங்கிக் கம்பெனியைச் சீர்ப்படுத்தினார்கள். அவர்களுக்கும் லாபம், டிரஸ்டுக்கும் லாபம்.

அப்படியும் 1966-ம் ஆண்டு பிரபுக்கள் சபை, லாபத்தைத் திருப்பித் தரச் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் மூவர் சொன்ன தீர்ப்பு அது. ஆனால் அவர்கள் நேர்மையாகவும் திறமையாகவும் உழைத்ததால், அந்த உழைப்புக்குத் தாராளமாக ஊதியம் கழித்துக்கொள்ள அனுமதித்தார்கள்.

தப்ப வழி ஒன்று உண்டு. பயன்பெற வேண்டியவரிடம் எல்லா விவரத்தையும் மறைக்காமல் சொல்லி, அவர் சம்மதத்தை முன்கூட்டியே பெறவேண்டும். அவர் மேஜராக இருக்கவேண்டும். மைனரின் தலையசைப்பு சம்மதம் ஆகாது.

நம் நாட்டில்

இந்தியாவில் 1882-ம் ஆண்டு டிரஸ்ட் சட்டத்தின் 88-வது பிரிவு இதையே சொல்லுகிறது. தர்மகர்த்தா மட்டும் அல்ல. உயிலை நிறைவேற்றுகிறவர், கூட்டாளி, ஏஜெண்டு, கம்பெனி டைரக்டர், வக்கீல் எல்லாருக்கும் அது பொருந்தும். அந்த ஸ்தானத்தைப் பயன்படுத்திப் பெற்ற லாபம் அவர்களுடையது அல்ல.

ஆகவே ரசீதும் பத்திரமும் யார் பேரில் இருக்கின்றன என்று பாருங்கள். காப்பவர் பேருக்கு மாறியிருந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தப் பொறுப்பில் இல்லாவிட்டால் இது உமக்குக் கிடைத்திருக்குமா?"