‘உங்க பொண்ணு தினமும் லேட்’... பள்ளியிலிருந்து வரும் மெயில் எப்படி இருக்கணும்?

“உங்க பொண்ணு தினமும் லேட்டா வர்றா. கொஞ்சம் கண்டிச்சு வைங்க.”

ஆபீஸ் மீட்டிங் நடுவே பள்ளியிலிருந்து இப்படி ஒரு மெசேஜ் வந்தால் என்ன நடக்கும்? அன்று மாலை குழந்தைக்குத் திட்டு விழும். இல்லையென்றால், “பஸ் லேட்டா வந்தா நாங்க என்ன மேடம் பண்றது?” என்று பதில் போகும். எப்படியிருந்தாலும் அடுத்த வாரமும் குழந்தை லேட்டாகத்தான் போகும். ஏன் லேட் என்ற கேள்வியை யாருமே கேட்கவில்லையே!

அதே விஷயத்தை வேறு மாதிரி எழுத முடியும். ஓர் உதாரணம் பார்ப்போம். 8-ம் வகுப்பு மாணவி. பள்ளியின் காலை பெல் 8.40-க்கு. ஒரு பீரியட் 40 நிமிடம். மெயில் எழுதுவதற்கு முன்பு கிளாஸ் டீச்சர் செய்தது ஒரே வேலைதான். ஜூலை மாத வருகைப் பதிவேட்டையும், கேட்டில் இருக்கும் லேட் நோட்டையும் பக்கத்தில் வைத்து, தேதிக்கு எதிரே கிழமையை எழுதினார்.

அதுவரை அவரும் ‘இவ தினமும் லேட்’ என்றுதான் நினைத்திருந்தார். கணக்கு வேறு மாதிரி வந்தது. 22 வேலை நாட்களில் லேட்டானது 8 நாள். அதில் 7 நாட்கள் செவ்வாய் அல்லது வியாழன். அதன் பிறகு அவர் எழுதிய மெயில் இது:

பொருள்: காலை வருகை நேரம் – சேர்ந்து பேசலாமா?

*மதிப்புக்குரிய பெற்றோருக்கு, வணக்கம்.*

*ஜூலை மாதத்தின் 22 வேலை நாட்களில் உங்கள் மகள் 14 நாட்கள் பெல் அடிப்பதற்கு முன்பே வந்துவிட்டாள். 8 நாட்கள் 8.55-க்கும் 9.05-க்கும் இடையில் வந்தாள். இதில் 7 நாட்கள் செவ்வாய், வியாழன். ஒன்று மழை பெய்த திங்கட்கிழமை. தேதிகளைக் கீழே இணைத்துள்ளேன்.*

*செவ்வாய், வியாழனில் முதல் பீரியட் கணக்கு. இப்போது சமன்பாடுகள் பாடம் நடக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் சுமார் 160 நிமிடங்கள், அதாவது 4 பீரியட் அளவுக்கு அவளுக்குப் பாடம் விட்டுப்போயிருக்கிறது. வந்த பிறகு அவள் கவனமாகத்தான் இருக்கிறாள்.*

*அந்த இரண்டு நாட்களில் மட்டும் காலையில் ஏதாவது சிரமம் இருக்கிறதா? எனக்குத் தெரியாது, அதனால் கேட்கிறேன். பள்ளி தரப்பில் ஏதாவது காரணம் இருந்தாலும் சொல்லுங்கள்.*

*என் தரப்பில், விட்டுப்போன பாடத்துக்கு வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் 15 நிமிடம் ஒதுக்க கணக்கு ஆசிரியர் சம்மதித்திருக்கிறார். உங்கள் தரப்பில் என்ன மாற்ற முடியும் என்பதை அவளையும் கூட வைத்துக்கொண்டு பேசலாம். ஆகஸ்ட் 5-ம் தேதி மாலை 4 மணிக்கு நேரிலோ போனிலோ 15 நிமிடம் பேச முடியுமா? முடியாதென்றால் உங்களுக்கு வசதியான நேரம் சொல்லுங்கள். ஆகஸ்ட் 22-ம் தேதி நிலைமையை மறுபடியும் சேர்ந்து பார்ப்போம்.*

*நன்றி,*
*வகுப்பு ஆசிரியர்*

இதில் என்ன விசேஷம்?

முதலாவது, ‘எப்பவும்’, ‘தினமும்’ என்ற சொற்களே இல்லை. ‘தினமும் லேட்’ என்று எழுதினால், “போன திங்கள் சீக்கிரம்தானே போனா?” என்ற ஒரே கேள்வியில் மொத்த மெயிலும் அடிபட்டுப்போகும். 22-க்கு 8 என்று தேதியோடு எழுதினால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. சரியான நேரத்துக்கு வந்த 14 நாட்களைச் சொன்னதும் பாராட்டுக்காக இல்லை. அந்த வீட்டால் நேரத்துக்கு அனுப்ப முடிகிறது, இரண்டு நாட்களில்தான் ஏதோ நடக்கிறது என்பதற்கு அதுவே ஆதாரம்.

இரண்டாவது, காரணத்தை டீச்சர் ஊகிக்கவில்லை. ‘ராத்திரி போன் பார்ப்பதால் இருக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அந்த வீட்டின் உண்மை வெளியே வந்திருக்காது.

அந்த உண்மை என்ன?

ஜூலையிலிருந்து அம்மாவுக்குச் செவ்வாய், வியாழன் காலை 7 மணி ஷிப்ட். அந்த இரண்டு நாளும் தம்பியைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பது இந்தப் பொண்ணுதான். பள்ளியில் சொல்ல அவளுக்குக் கூச்சம். முதல் பீரியட் கணக்கு என்பது அப்பாவுக்குத் தெரியாது.

15 நிமிடப் பேச்சில் வேலை பிரிந்தது. அப்பாவுக்கு 10 மணிக்குத்தான் ஆபீஸ் என்பதால், வியாழக்கிழமை தம்பியை அவர் கொண்டுபோய் விடுவார். செவ்வாய்க்கிழமை பாட்டியே வீட்டுக்கு வந்துவிடுவார். ஏதாவது ஒரு நாள் தப்பினால் 8.30-க்குள் டீச்சருக்கு மெசேஜ் போடுவது மாணவியின் பொறுப்பு. அப்படி வரும் நாளில் வாசலில் நிறுத்தாமல் நேராக வகுப்புக்குள் விடுவது பள்ளியின் பொறுப்பு.

‘இனிமே சீக்கிரம் அனுப்புங்க’ என்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். யார், எந்த நாளில், என்ன செய்வார் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 22-ம் தேதி பதிவேட்டைப் பார்த்தார்கள். இடையில் வந்த 5 செவ்வாய், வியாழனில் லேட் ஒரே ஒரு நாள், அதுவும் மெசேஜோடு. டீச்சர் இரண்டு வரி மெயில் அனுப்பினார்: “5 நாளில் 4 நாள் நேரத்துக்கு வந்துவிட்டாள். மதிய வகுப்பு செப்டம்பர் முதல் வாரம் வரை தொடரும்.” பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது மெயிலைத்தான். அது வரவில்லையென்றால், பள்ளியிலிருந்து மெயில் வந்தாலே புகார்தான் என்று வீட்டில் முடிவு செய்துவிடுவார்கள்.

எங்கே சொதப்பும்?

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் பெயரைப் போட்டுச் சொல்வது முதல் தப்பு. 40 குடும்பங்கள் பார்க்கும் இடத்தில் எந்த அப்பாவும் வீட்டுச் சிரமத்தைச் சொல்ல மாட்டார். முதல் மெயிலிலேயே பிரின்சிபாலை காப்பியில் வைப்பதும் அப்படித்தான். படிப்பவருக்கு அது மிரட்டலாகத் தெரியும்.

இரண்டாவது, ‘75 சதவீத வருகை இல்லேன்னா பரீட்சை எழுத முடியாது’ என்று பயமுறுத்துவது. சிபிஎஸ்இ-யின் அந்த விதி 10, 12-ம் வகுப்பு பொதுத்தேர்வுக்கானது. 8-ம் வகுப்புப் பிள்ளைக்கு அதைச் சொன்னால் விவரம் தெரிந்த பெற்றோர் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள்.

மூன்றாவது, லேட்டாக வந்தவரை வெயிலில் நிறுத்துவது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு, உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அதோடு, லேட்டானதால் போன 20 நிமிடம் போதாதென்று மீதிப் பாடமும் போய்விடும்.

நீங்கள் பெற்றோரா?

இப்படி ஒரு மெயில் வந்தால் உடனே விளக்கம் எழுத வேண்டாம். முதலில் இணைத்திருக்கும் தேதிகளை உங்கள் காலண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு குழந்தையிடம் “ஏன் லேட்டா போற?” என்று கேட்பதைவிட, “செவ்வாய்க்கிழமை காலையில என்ன நடக்குது?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ‘சும்மாதான்’ என்று பதில் வரும். இரண்டாவதுக்கு நடந்தது வரும்.

தேதிகளில் எந்தக் கிழமையும் பொருந்தவில்லை, திட்டம் போட்டு மூன்று வாரமாகியும் எண்ணிக்கை குறையவில்லை என்றால், அது பஸ், ஷிப்ட் பிரச்சினையாக இல்லாமல் இருக்கலாம். காலையில் வயிற்றுவலி என்கிறதா, குறிப்பிட்ட பாடத்தையோ ஆளையோ பார்த்து பயப்படுகிறதா என்று கவனியுங்கள். அப்படித் தெரிந்தால் அடுத்த சந்திப்பில் பள்ளி கவுன்சிலரையும் உட்கார வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.